நாலு படியும் பீலித் தண்ணியும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். தகரக் கூரை. ஐந்து வகுப்பும் அதற்குள்தான். மழை பெய்தால் பாடம் நின்றுவிடும். மழை பெய்யாத நாட்களை விரல்விட்டு எண்ணலாம். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே எங்கள் மலையில் அப்படித்தான்.

நான் அந்த மண்டபத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் படிக்கவில்லை. ஏன் படிக்கவில்லை என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது, "அந்தக் காலத்துல எங்க படிக்க வச்சாங்க" என்று சொல்லி முடித்துவிடுவேன். அது முழு உண்மை இல்லை. வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். எழுதும்போது அவ்வளவு கூச்சம் வரவில்லை.

ஐந்தாம் வகுப்பில் எங்களுக்கு யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் வந்தார். இளவயது. பயிற்சிக் கல்லூரியில் இருந்து நேராக எங்கள் குளிருக்கு வந்து விழுந்தவர். கழுத்தில் எப்போதும் கம்பளி மப்ளர். அவர் பேச்சு எங்களுக்குப் புதிது. "யார்" என்பதை "ஆர்" என்பார். முதல் ஒரு வாரம் நாங்கள் பாடத்தைக் கேட்கவில்லை, அவர் பேச்சைத்தான் கேட்டோம். இடைவேளையில் பையன்கள், "ஆர் ரொட்டி கொண்டு வந்தது? ஆருக்குப் பங்கு?" என்று பேசிப் பார்ப்பார்கள்.

இரண்டாம் தவணை தொடங்கியதும் சார் சொன்னார்:

"இந்த முறை எல்லாரும் ஒரு செயல்திட்டம் செய்யப் போறியள். தலைப்பு, 'எங்கள் தோட்டம்'. ஆளுக்கொரு விஷயம். புத்தகத்தைப் பாத்து எழுதேலாது. உங்கட தோட்டத்தைப் பற்றி ஒரு புத்தகமும் இல்லை. நீங்கள்தான் எழுதப் போறியள்."

எங்களைப் பற்றி எழுத ஒரு விஷயம் இருக்கிறது என்று அதற்கு முன் யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

மறுநாள் தேயிலைப் பெட்டிக்குள் போடுகிற தடித்த காகிதம் ஒன்றைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். தொழிற்சாலையில் வாங்கி வந்தது. தேயிலை வாசம் வந்தது. அதில் மாடிப்படி போல நாலு படி வரைந்திருந்தார். கீழே ஒன்று, மேலே நாலு. எழுத்துக்கு, படத்துக்கு, விஷயத்துக்கு என்று மூன்று மார்க்கு இருந்தன. நாலாவது ஆதாரத்துக்கு. ஒவ்வொன்றும் நாலுக்கு. அந்தப் படிகள் ஆதாரத்துக்கு மட்டும்.

"ஆதாரம் எண்டால் என்ன? நீ எழுதினது உனக்கு எப்பிடித் தெரியும்? ஆர் சொன்னது, எங்க கண்டது? அதை எழுதோணும். அதுதான் ஆதாரம்."

முன் வாரம்தான் மூணாம் நம்பர் மலைக்குப் புலி வந்தது என்று தோட்டமே பேசிக்கொண்டிருந்தது. சார் அதையே எடுத்துக்கொண்டார்.

"மலைக்குப் புலி வந்ததாம். இப்பிடி எழுதினால் முதலாம் படி. ஆர் சொன்னதெண்டு இல்லை, காத்து வாக்கில வந்த கதை. ஒரு அம்மா பாத்தாவாம், இது ரெண்டாம் படி. ஆரோ ஒருத்தர் இருக்கிறார், ஆனால் நான் அவவைத் தேடிப் போய்க் கேக்கேலாது. எந்த அம்மா?"

எல்லோரும் சிரித்தோம். மலையில் முந்நூறு அம்மா.

"இன்ன பேருடைய அம்மா, இன்ன லயத்தில இருக்கிறா, செவ்வாய்க்கிழமை காலமை கண்ணால கண்டதெண்டு எனக்குச் சொன்னா. இது மூண்டாம் படி. இப்ப நான் போய் அவவையே கேக்கலாம். நாலாம் படி என்ன? அந்த அம்மா சொன்னதோட நிக்காமல், காவல்காரரையும் தனியாப் போய்க் கேட்டன். அவர் செவ்வாய் இல்லை, திங்கள் எண்டார். ரெண்டையும் எழுதினன். பிறகு நானே போய்க் கால் தடத்தைப் பாத்தன். இது நாலு."

ஒரு பையன் எழுந்து, "சார், துரை சொன்னா நாலுதானே?" என்றான்.

"துரை கண்ணால கண்டவரோ, கேட்டுச் சொன்னவரோ?"

"கேட்டுதான் சொல்லியிருப்பாரு சார். அவரு ஏன் மலைக்கு ஏறுறாரு?"

"அப்ப துரை எண்டாலும் அந்தக் கதைக்கு நாலு கிடையாது. பெரிய ஆள் சொன்னதெண்டு படி ஏறாது."

தோட்டத்தையே நடத்துகிற துரைக்கும் எங்கள் அம்மாமாருக்கும் ஒரே படி. அதைக் கேட்டு நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெளியே சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டோம்.

சார் இன்னொன்றும் சொன்னார். ஒரு கட்டுரையில் பத்து விஷயம் இருந்தால், முக்கியமான எந்த விஷயத்துக்கு ஆதாரம் ஆகக் குறைவோ, அந்தப் படிதான் கட்டுரை முழுவதற்கும் மார்க்கு. அது எவ்வளவு பொல்லாத சட்டம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

அந்தப் படி பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. ஒரு வாரத்துக்குள் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, வந்துவிட்டது. குழாய்த் தண்ணீர் விழுகிற பீலியடியில் யாராவது ஒரு கதையை ஆரம்பித்தால், பக்கத்தில் குடம் பிடிக்கிறவர், "அடி, இது எத்தனாம் படி?" என்பார். எங்கள் அம்மா ஒருநாள் கணக்கப்பிள்ளை வீட்டுக் கதையை ரகசியமாகச் சொல்ல வந்தார். அப்பா சுருட்டை எடுத்துக்கொண்டு, "பாத்தியா, கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்."

"யாருகிட்ட?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"அப்ப முதலாம் படி. போய் ரொட்டியைச் சுடு."

அம்மாவுக்கு வந்த கோபத்தில் அன்று ரொட்டி கருகிப்போனது.

எங்கள் வகுப்பில் ஒருவன் ரோதைமுனி சாமியைப் பற்றி எழுதினான். தொழிற்சாலையின் பெரிய சக்கரத்தைக் காக்கிற சாமி. "இந்தச் சக்கரத்துக்குக் காவல் நான்தான் என்று சாமியே சொன்னது" என்று எழுதிவிட்டான். சார் கூப்பிட்டு, ஆதாரம் எங்கே என்று கேட்டார். அவனுக்குப் பயமே இல்லை.

"பேரு ரோதைமுனி. இடம் கோயில் வாசல். நாளு போன ஆடி வெள்ளி. சாமியாடி மேல வந்து சொல்லிச்சு சார். எல்லாம் எழுதியிருக்கேன்."

சார் தாளை மறுபடி படித்தார். "நான் போய்க் கேட்டால் எனக்கும் சொல்லுமோ?"

"இப்ப சொல்லாது. அடுத்த ஆடிக்கு வாங்க சார்."

சார் மப்ளரை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மூன்று போட்டார். "சாமியாடியின் பேரையும் எழுது. இன்னொருத்தரையும் கேட்டிருந்தால் நாலு" என்றார். எனக்கு அந்த மண்டபமும் அந்தச் சிரிப்பும் இப்போதும் அப்படியே கண்ணில் நிற்கின்றன. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் உட்கார்ந்திருக்கவில்லை.

எனக்குக் கிடைத்த விஷயம் பீலி. எங்கள் லயத்துக்குத் தண்ணீர் வந்த கதை.

எனக்கு அந்தக் கட்டுரையில் ஒரு காரியம் இருந்தது. ஆறாம் வகுப்பு படிக்க ஹட்டனுக்குப் போக வேண்டும். ஹட்டனில் அப்பாவின் அக்கா இருந்தார், தங்குவதற்கு இடம் உண்டு. ஆனால் அந்தப் பள்ளியில் சேர எங்கள் வாத்தியாரின் கடிதம் வேண்டும். செயல்திட்டத்தில் நாலு மார்க்கும் மூன்றுக்குக் குறையாமல் எடுக்கிறவர்களுக்குத்தான் கடிதம் என்று சார் சொல்லிவிட்டார். அப்பாவும் சொல்லிவிட்டார்:

"சார் கடுதாசி குடுத்தா அனுப்புறேன். குடுக்கலேன்னா வீட்டுல தம்பியப் பாத்துக்க. அப்புறம் கொழுந்துக்குப் போ. அழக் கூடாது."

எழுத்து எனக்கு நன்றாக வரும். படத்துக்கும் பயமில்லை. ஆதாரம்தான். ஆதாரம் என்றால் ஆட்களிடம் போய்க் கேட்க வேண்டும். நான் பெரியவர்கள் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிற பிள்ளை. கடைக்குப் போனால் மூன்று பேர் வாங்கிப் போன பிறகுதான் வாயைத் திறப்பேன்.

முதலில் ஆறாம் லயத்துப் பழைய கங்காணி ஐயாவிடம் போனேன். அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். ஐயா வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கோட்டு மட்டும் விடவில்லை.

"பீலியா? அது துரை மனசு வச்சு குடுத்தது" என்றார். "பொம்பளைங்க கீழ ஓடைக்குப் போயி, வழுக்கி வழுக்கி தண்ணி தூக்குறதப் பாத்தாரு. பாவம்னு நெனச்சாரு. ஒடனே குழாய் போட ஆடரு குடுத்தாரு. நான்தான் பக்கத்துல நின்னேன்."

எந்த வருடம் என்றும் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

"எம் பேர எழுதுனியா?"

"எழுதிட்டேன் ஐயா."

"காட்டு. என்னா இவ்வளவு சின்னதா எழுதியிருக்க? வெளியில எல்லாம் படிக்கிறாப்ல நல்லா பெருசா எழுது."

பெரிதாக எழுதினேன். பிறகு நானே தண்ணீர்த் தொட்டிக்கு ஏறிப் போனேன். தொட்டி லயத்துக்கு மேலே சவுக்கு மரங்களுக்குள் இருந்தது. சிமெந்தில் ஏதோ கீறியிருப்பதாகப் பையன்கள் சொன்னார்கள். தேங்காய் ஓட்டால் பாசியைச் சுரண்டினேன். சிமெந்து காயும் முன்னே யாரோ குச்சியால் எழுதிய வருடம் இருந்தது. கங்காணி ஐயா சொன்ன அதே வருடம். கையெல்லாம் பச்சை. அன்று நான் மலையிலிருந்து குதித்துக் குதித்து இறங்கினேன். நாலாம் படி கைக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்றே எங்கள் லயத்தின் ஐந்தாம் காம்பரா, அதாவது ஐந்தாம் அறை, பெரியம்மாவிடம் அதைச் சொன்னேன். சொந்தப் பெரியம்மா இல்லை. லயத்தில் அம்மாவுக்கு மூத்தவர்கள் எல்லாம் பெரியம்மாதான். அவர் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து விறகைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுக் கயிற்றைக் கீழே போட்டார்.

"யாரு சொன்னது, துரை மனசு வச்சாருன்னு?"

"கங்காணி ஐயா."

"அந்த மனுஷன் அன்னைக்கு கக்கூசுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டாரு. அவருக்கு என்னா தெரியும்!"

பிறகு அவர் சொன்ன கதை இது. ஓடைக்குத் தண்ணீருக்குப் போன ஒரு பிள்ளைத்தாய்ச்சி பாறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். பிள்ளை போய்விட்டது. மறுநாள் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கிற இடத்துக்கு, பெண்கள் கூடையோடு போகவில்லை. குடத்தோடு போனார்கள். வெறும் குடங்களை ரோட்டுக்குக் குறுக்கே வரிசையாக வைத்துவிட்டு, ஓரமாக நின்றார்கள். துரையின் கார் வந்தது. போக வழியில்லை. யாரும் சத்தம் போடவில்லை. துரை இறங்கி ஒவ்வொரு குடமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கணக்கப்பிள்ளை ஒரு குடத்தைக் காலால் தள்ளப் போனார். துரை வேண்டாம் என்றார். அந்த மாதமே குழாய் வந்தது.

"மொதக் குடம் என்னோடதுதான்" என்றார் பெரியம்மா. "பித்தளைக் குடம். இந்தா, இங்கன ஒரு நெளிவு இருக்கு பாரு. கணக்கப்பிள்ளை கால் பட்டதுதான். துரை தடுக்குறதுக்குள்ள பட்டிருச்சு."

நான் தடவிப் பார்த்தேன். நெளிவு இருந்தது.

"எந்த வருஷம் பெரியம்மா?"

"வருஷமெல்லாம் எனக்குத் தெரியாது. என் நடு மகன் பொறந்து மூணாம் மாசம்."

எழுதிக்கொண்டிருந்தேன். பெரியம்மா என் பென்சிலைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் எழுதிக்க. எம் பேர மட்டும் எழுதாத."

"பேரு இல்லேன்னா மார்க்கு இல்ல பெரியம்மா."

"மார்க்குக்காக என்னைய மாட்டி விடுவியா?"

அப்போது தோட்டமெல்லாம் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த காலம். இந்த நாட்டு மனுஷர்தான் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். பெரியம்மாவை ஒருமுறை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அரிசி வாங்குகிற கூப்பன் புத்தகத்தில் அவர் பெயர் ஒரு மாதிரி இருந்தது, தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் வேறு மாதிரி. இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிற்கிற ஆள் நான்தானே என்று பெரியம்மா சொல்லிப் பார்த்திருக்கிறார். அது எடுபடவில்லை.

"பேரு எழுதுன கடுதாசி எங்கயாவது கெடந்தா, அது ஒரு நாளைக்கு எவன் கையிலயாவது போகும்" என்றார். "இதுல ஏன் இப்பிடி இருக்கு, அதுல ஏன் அப்பிடி இருக்குன்னு கேப்பான். எனக்குப் பதில் சொல்லத் தெரியாது புள்ள. எழுத மாட்டேன்னு சொல்லு."

"எழுத மாட்டேன்" என்றேன்.

"சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமா."

கட்டுரையை இரண்டு கதையும் வைத்து எழுதினேன். கங்காணி ஐயா சொன்னதற்குக் கீழே அவர் பெயர், லயம், எந்த நாள் என்னிடம் சொன்னார் என்பது எல்லாம் எழுதினேன். வருடத்துக்குத் தொட்டியை எழுதினேன். குடம் வைத்த கதைக்குக் கீழே, "எங்கள் லயத்தில் ஒரு பெரியம்மா சொன்னது" என்று மட்டும் எழுதினேன்.

சார் தாளைத் திருப்பித் தரும்போது என்னை மேசைக்குக் கூப்பிட்டார். எழுத்துக்கு நாலு. படத்துக்கு மூன்று. விஷயத்துக்கு நாலு. ஆதாரத்துக்கு இரண்டு.

"பிள்ளை, வடிவா எழுதியிருக்கிறாய். தொட்டியில வருஷத்தைத் தேடிப் பிடிச்சிருக்கிறாய், இதை ஒருத்தரும் செய்யேல்லை. ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்லினம், ரெண்டையும் எழுதியிருக்கிறாய். அதுவும் சரி. ஆனால் இந்தப் பெரியம்மா ஆர்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கண்டவவோ, கேட்டவவோ?"

"கண்டவங்க சார். அவங்களும் கொடம் வச்சாங்க."

"அப்ப அதையாவது எழுதியிருக்கலாமே. பேரைச் சொல்லு, இப்பவே எழுதுவம். மூண்டுக்கு மேல போகும்."

நான் தாளின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

"வாற வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் பாக்க வித்தியாதிகாரி வாறார். அதுக்கு முதல் திருத்தித் தா." அவரே ஒரு வழியும் சொன்னார். "பேர் சொல்ல விருப்பமில்லையெண்டால் அந்தப் பகுதியை வெட்டி விடு. கங்காணியும் தொட்டியும் போதும். வருஷத்துக்கு ரெண்டு ஆதாரம் ஒண்டுக்கொண்டு பொருந்துது. நாலு போடலாம்."

அந்த வாரம் முழுவதும் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

வெட்டிவிட்டால் நாலு. ஹட்டன். வெட்டிவிட்டால் சத்தியமும் மீறப்படாது, பெரியம்மாவுக்கும் ஒரு கெடுதியும் வராது. யாருக்கும் நட்டமில்லை. இதை நான் ஒருநாளைக்கு எத்தனையோ முறை எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் வெட்டினால் மிஞ்சுவது என்ன? துரை பாவம் பார்த்துக் கொடுத்தார் என்கிற கதை. அதற்குத்தான் பெயர் இருக்கிறது, நாள் இருக்கிறது, பெரிய எழுத்து இருக்கிறது. தொட்டி வருடத்தைத்தான் சொல்லுகிறது; யார் கேட்டு வந்தது என்று தொட்டிக்குத் தெரியாது. இந்த வித்தியாசம் பதினொரு வயதில் எனக்கு விளங்கியது. சாரிடம் அதை எடுத்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

பெயர் எனக்குத் தெரியாமல் இல்லை. கூப்பன் சாமான் வாங்கப் பெரியம்மாவின் புத்தகத்தை நான்தான் கொண்டு போவேன். பென்சிலை எடுத்து, அந்த வரிக்கு நேரே வைத்தும் பார்த்தேன். முதல் எழுத்துக்குக் கை போகவில்லை.

வியாழக்கிழமை தாளைக் கொடுத்தேன். ஒன்றையும் வெட்டவில்லை. அந்த வரியை மட்டும் மாற்றியிருந்தேன்: "இதைச் சொன்னவர் குடம் வைத்தவர்களில் ஒருவர். அவர் கண்ணால் கண்டது. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்."

சார் இரண்டு தரம் படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஏன் வேண்டாமெண்டவ?"

அதைச் சொன்னாலும் யார் என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன். விசாரணைக்குப் போய்த் திரும்பி வந்தவர் எங்கள் லயத்தில் அவர் ஒருவர்தான். கால் விரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றேன்.

"பாவம் பாத்து மூண்டு போட்டால், மற்றப் பிள்ளையள் நாளைக்கு எல்லாருமே பேர் வேண்டாமெண்டவை எண்டு எழுதிக்கொண்டு வருவினம். அதுக்கு நான் என்ன சொல்லுறது?" என்றார். சுவரில் இருந்த படிகளைத் திரும்பிப் பார்த்தார். தன்னிடமே கேட்கிறவர் மாதிரி இருந்தது. "படி ரெண்டெண்டுதான் சொல்லுது, பிள்ளை."

இரண்டைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை வித்தியாதிகாரி வந்தார். தாள்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தோம். அவர் என் தாளுக்கு முன்னால் கொஞ்சம் நின்றதாக ஞாபகம். அவர் நின்றது ரோதைமுனி படத்துக்கு முன்னால் என்று அந்தப் பையன் இன்றைக்கும் சாதிப்பான். அவன் துரை பங்களாவில் தோட்டக்காரனாகி, எங்கள் பக்கமே சம்பந்தமும் செய்துகொண்டவன். சண்டை போட முடியாது.

அன்று லயத்துப் பெண்களும் பார்க்க வந்தார்கள். அவர்களில் வாசிக்கத் தெரிந்தவர் குறைவு. என் தாளை ஒரு பெரிய பிள்ளை சத்தமாக வாசித்துக் காட்டினாள். "வெறும் குடங்களை ரோட்டுக்குக் குறுக்கே வரிசையாக வைத்தார்கள்" என்ற இடத்தில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். ஒரு அக்கா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். பெரியம்மா பின்னால் தூணோரம் நின்றார். பெயர் வரவில்லை என்றதும் முகம் தெளிந்தது. போகும்போது என் தலையில் கைவைத்து, "கங்காணிக்கு மட்டும் எதுக்குடி அம்புட்டுப் பெரிய எழுத்து?" என்றார்.

என் மார்க்கு என்ன, அதனால் என்ன போனது என்று அவருக்கு நான் கடைசி வரை சொல்லவில்லை.

கடிதம் இரண்டு பேருக்குக் கிடைத்தது. அப்பா வேலை விட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"கடுதாசி?"

"இல்லப்பா."

"எதுல கொறஞ்சிச்சு?"

"ஆதாரத்துல. ஒருத்தர் பேரு எழுதல."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "கொடம் வச்ச கதையா? அட கோட்டி, மொதக் கொடம் யாரோடதுன்னு இந்தத் தோட்டத்துல நாய்க்குக் கூடத் தெரியும். ஒன் சாருக்கு மட்டுந்தான் தெரியாது."

"கடுதாசில எழுதக் கூடாதுன்னாங்க."

அப்பாவின் சிரிப்பு நின்றது. அப்பாவும் மனுப் போட்டிருந்தவர்தான். துண்டால் முகத்தைத் துடைத்தார். "சரி விடு," என்றார். "அழக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல."

நான் அழவில்லை. அப்பா சொன்ன சொல்லை மாற்றவும் இல்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் வயது வந்ததும் கொழுந்துக்குப் போனேன்.

அடுத்த வருடங்களிலும் சார் அந்தச் செயல்திட்டத்தை விடவில்லை. எனக்கு இளைய தம்பி ஐந்தாம் வகுப்புக்குப் போன நேரம், நான் கூடை தூக்கத் தொடங்கியிருந்தேன். ஒருநாள் மாலை கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து இஸ்தோப்பில் காலில் உப்புப் போட்டு அட்டையை விலக்கிக்கொண்டிருந்தேன். தம்பி கொப்பியில் எதையோ பார்த்து மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தான். படிகளைத்தான்.

"மூன்றாம் படி," என்று ராகம் போட்டான். "சொன்னவர் யார், எங்கே, எப்போது, கண்டவரா, கேட்டவரா. பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டால் வற்புறுத்தக் கூடாது. வேண்டாம் என்றதை எழுத வேண்டும், அவருக்கு எப்படித் தெரியும் என்பதையும் எழுத வேண்டும். பெயரை வாத்தியாரின் காதில் மட்டும் சொல்ல வேண்டும். வாத்தியார் யாருக்கும் சொல்ல மாட்டார்."

நான் உப்பைக் கீழே வைத்தேன்.

"அது எங்க காலத்துல இல்லையே. திரும்பப் படி."

திரும்பப் படித்தான். "சார் செவப்பு மையில பக்கத்துல எழுதி ஒட்டியிருக்காரு. பழைய தாளுதான், அதுல புதுசா ஒட்டுனது."

"யாரு கேட்டு ஒட்டுனாராம்?"

"அது சொல்லல."

"அப்பிடி எழுதுனா எத்தனாம் படி? ரெண்டா, மூணா?"

"மூணாம் படில தானக்கா எழுதியிருக்கு. மூணுதான்."

கூடையை எடுத்து உள்ளே வைத்தேன். கயிறு பட்ட இடம் நெற்றியில் எரிந்தது. கடுதாசிக்கு மூணு போதும், மூணு போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தேன்.